பேயை ஏன் கொல்லாமல் விட்டார்கள்? ஹாரர் படத்தின் கடைசிக் காட்சி உண்மையில் எதைப் பற்றிப் பேசுகிறது

ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்பில் 'பாபடூக்' பார்த்து முடித்துவிட்டு, "என்னடா இது, கடைசில பேயைக் கொல்லவே இல்லையே, கீழ் ரூம்ல வெச்சு சோறு போடுறாங்க" என்று நண்பருக்கு மெசேஜ் அனுப்பியவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். 2014-ல் வெளியான இந்த ஆஸ்திரேலியப் படத்தின் முடிவு மீதுதான் அதிகமான புகார்கள் உண்டு. அதிகமாக எழுதப்பட்டதும் அந்த முடிவைப் பற்றித்தான். படத்தின் பத்தாண்டு நிறைவையொட்டி 2024 செப்டம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளில் அதை மறுபடி வெளியிட்டபோது அதே விவாதம் மீண்டும் கிளம்பியது.

ஹாரர் படங்களில் வரும் பேய், பிசாசு, ராட்சசன் எல்லாம் வேறு எதற்கோ உருவகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சரி, எதற்கு உருவகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பேய் எப்படி இருக்கிறது, எப்போது வருகிறது என்பதெல்லாம் ஓரளவுக்குத்தான் உதவும். கடைசி இருபது நிமிடத்தில் அந்தப் பேயை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கொல்கிறார்களா, விரட்டுகிறார்களா, சிலை வைக்கிறார்களா, உடம்புக்குள் விடுகிறார்களா, சோறு போடுகிறார்களா? படம் எந்த பயத்தைப் பற்றிப் பேசுகிறது, அந்த பயத்தைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

இந்தக் கட்டுரையில் 'பாபடூக்' படத்தின் முடிவை விரிவாகவும், 'ஸ்திரீ', 'ஸ்திரீ 2' படங்களின் முடிவுகளைக் கொஞ்சமாகவும் பார்க்கப்போகிறோம். மூன்றின் கதையும் முழுசாக வெளிவந்துவிடும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க.

பேய் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் என்ன பிரச்சினை?

ஜெனிஃபர் கென்ட் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது. 2005-ல் 'மான்ஸ்டர்' என்ற பெயரில் அவர் எடுத்த குறும்படத்தின் விரிவாக்கம். கதாநாயகி அமீலியா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். அவருடைய மகன் சாமுவேலுக்கு இன்னும் சில நாட்களில் ஏழு வயது ஆகப்போகிறது. அமீலியாவுக்குப் பிரசவ வலி வந்தபோது மருத்துவமனைக்குக் கார் ஓட்டிச் சென்ற கணவர் ஆஸ்கர், வழியில் விபத்தில் இறந்துபோனார். அதாவது மகனின் பிறந்தநாளும் கணவரின் நினைவுநாளும் ஒரே நாள்.

படத்தின் முடிச்சு இந்த ஒரு தகவலில்தான் இருக்கிறது. சாமுவேலின் பிறந்தநாளை அந்த வீட்டில் ஒருமுறைகூட அந்தத் தேதியில் கொண்டாடியதில்லை. சித்தி மகளின் பிறந்தநாளோடு சேர்த்து வேறொரு நாளில் ஒப்பேற்றிவிடுவார்கள். ஆஸ்கரின் நினைவுநாளையும் யாரும் அனுசரிப்பதில்லை. அவருடைய உடைகள், படங்கள், வயலின் எல்லாம் வீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கின்றன. கதவு பூட்டியிருக்கும், பையன் உள்ளே போகக்கூடாது. தங்கை கிளேர் "நீ இன்னும் அதிலிருந்து வெளியே வரவில்லை" என்கிறாள். அதற்கு அமீலியா சொல்லும் பதிலைக் கவனிக்க வேண்டும்: நான் வெளியே வந்துவிட்டேன், அவரைப் பற்றிப் பேசுவதே இல்லையே என்கிறார். பேசாமல் இருப்பதுதான் மீண்டுவந்ததற்கு அடையாளம் என்று அவர் மனதார நம்புகிறார்.

இந்த நிலையில்தான் அலமாரியில் ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் கிடைக்கிறது. பக்கங்களைத் திருப்பினால் உருவங்கள் எழுந்து நிற்கும் குழந்தைகள் புத்தகம். கறுப்புக் கோட்டு, உயரமான தொப்பி, நீண்ட விரல்களோடு அதில் ஓர் உருவம் இருக்கிறது. ஒருமுறை அதைப் பார்த்துவிட்டால் பிறகு அதை உங்களிடமிருந்து போக்கவே முடியாது என்கிறது கதை. அமீலியா புத்தகத்தைக் கிழித்துக் குப்பையில் போடுகிறார். கிழிந்த பக்கங்கள் ஒட்டப்பட்டு, வாசலுக்கே திரும்பி வருகிறது. இப்போது அதில் புதிய பக்கங்களும் இருக்கின்றன. ஒரு தாய் நாயைக் கொல்வதும், குழந்தையைக் கொல்வதும், பிறகு தன்னையே கொன்றுகொள்வதும் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. இந்த முறை புத்தகத்தை எரிக்கிறார். அதற்கும் பலனில்லை.

எவ்வளவு மறுக்கிறோமோ அவ்வளவு பலமாகும் என்ற விதிதான் அந்தப் பேய்க்கு. படம் இதை வசனத்தில் விளக்கிக்கொண்டிருக்காமல், புத்தகத்தின் பக்க எண்ணிக்கையிலேயே காட்டிவிடுகிறது.

கடைசி இருபது நிமிடம்: படி இறங்கி, படி ஏறி, மறுபடி இறங்கி

முடிவை ஒரே 'கிளைமாக்ஸ்' என்று நினைவில் வைத்திருப்போம். உண்மையில் அது மூன்று கட்டங்களாக நடக்கிறது. ஒவ்வொன்றும் வீட்டின் வேறொரு தளத்தில் நடப்பது தற்செயல் இல்லை.

முதல் கட்டம் கீழ்த்தளம். இதற்கு முன்பே அங்கே ஆஸ்கரின் உருவத்தில் பாபடூக் அமீலியாவைச் சந்தித்து ஒரு பேரம் பேசியிருக்கிறது. பையனைக் கொண்டுவந்து கொடு, நாம் சேர்ந்து இருக்கலாம் என்பதுதான் பேரம். இறந்தவரோடு இருக்க வேண்டும் என்றால் உயிரோடு இருப்பவனை விட்டுவிட வேண்டும். ஏழு வருடமாக அமீலியாவின் மனதுக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் இதே கணக்குத்தான். இதற்குப் பிறகு பேய் அவருக்குள் புகுந்துவிடுகிறது. நாயைக் கொல்கிறார், மகனைத் துரத்துகிறார். சாமுவேல் படம் முழுக்கக் கவண், அம்பு என்று பேயை எதிர்க்க ஆயுதம் செய்துகொண்டே இருப்பான். எல்லோருக்கும் அது தொந்தரவாகத் தெரியும். கடைசியில் அந்த ஆயுதங்கள்தான் அம்மாவை வீழ்த்திக் கீழ்த்தளத்தில் கட்டிப்போட உதவுகின்றன. அமீலியா கட்டிலிருந்து விடுபட்டு அவன் கழுத்தை நெரிக்கிறார். அவன் திருப்பி அடிப்பதில்லை, கையை நீட்டி அம்மாவின் கன்னத்தைத் தடவுகிறான். அமீலியா கறுப்பாக எதையோ வாந்தி எடுக்கிறார்.

பழக்கமான பேய்ப் படம் என்றால் இங்கே முடிந்திருக்கும். உள்ளே புகுந்தது வெளியேறிவிட்டது, சுபம். இந்தப் படம் அங்கே நிற்காததுதான் விஷயம். போக்கவே முடியாது என்பதைச் சாமுவேலே நினைவுபடுத்துகிறான். அடுத்த நொடி, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவனை மாடிப்படிகளில் இழுத்துப்போகிறது.

இரண்டாவது கட்டம் மாடியில் உள்ள படுக்கையறை. இருட்டிலிருந்து ஆஸ்கர் வருகிறார். விபத்துக்கு முந்தைய கடைசி நிமிடப் பேச்சு மறுபடி நடக்கிறது. அவருடைய தலை வெட்டுப்படுவதை அமீலியா பார்க்கிறார். இத்தனை வருடம் நினைக்கவே மறுத்த காட்சியைக் கண் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் அவருக்குக் குரல் வருகிறது. இது என் வீடு, நீ அத்துமீறி நுழைந்திருக்கிறாய், என் மகனைத் தொட்டால் விடமாட்டேன் என்று கத்துகிறார். பேய் சுருங்கி விழுகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் கோட்டு மாதிரிக் கிடக்கிறது. பிறகு அலறிக்கொண்டே ஓடிக் கீழ்த்தளத்துக்குள் புகுந்துகொள்கிறது. அமீலியா கதவைப் பூட்டுகிறார்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் மரணத்தைப் பார்க்கிறார், பிறகுதான் எதிர்க்கிறார். வரிசை மாறியிருந்தால் இது வழக்கமான 'அம்மாவின் வீரம்' காட்சியாகிவிடும்.

மூன்றாவது கட்டம் சில நாட்கள் கழித்து, பகல் வெளிச்சத்தில் நடக்கிறது. குழந்தைகள் நலத்துறையினர் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். நான் பிறந்த நாளில் அப்பா இறந்துபோனார் என்று சாமுவேல் போட்டு உடைக்கிறான். அமீலியா அவனை அதட்டவில்லை. இவன் அப்பா மாதிரியே, மனதில் இருப்பதைச் சொல்லிவிடுவான் என்கிறார். ஆஸ்கரைப் பற்றி அவர் இயல்பாகப் பேசும் முதல் வாக்கியம் அது. சாமுவேலின் பிறந்தநாளை முதல்முறையாக அதே தேதியில் கொண்டாடுகிறார்கள். தோட்டத்தில் மண்ணைத் தோண்டிப் புழுக்களை ஒரு கிண்ணத்தில் சேர்க்கிறார்கள். அமீலியா கிண்ணத்தோடு கீழே இறங்குகிறார். பேய் சீறி வந்து அவரைக் கிட்டத்தட்டக் கீழே தள்ளுகிறது. குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல் அவர் பேச, அது அடங்குகிறது. கிண்ணத்தை இழுத்துக்கொண்டு இருட்டுக்குள் போகிறது. மேலே வந்ததும் எப்படி இருந்தது என்று மகன் கேட்கிறான். இன்றைக்குப் பரவாயில்லை, அமைதியாக இருந்தது என்கிறார்.

கொல்ல முடியாததற்கு என்ன காரணம்?

துக்கத்தைப் பற்றி மனநலத் துறையில் நெடுநாள் இருந்த எண்ணம், அது ஒரு வேலை மாதிரி, செய்து முடிக்க வேண்டியது என்பதுதான். ஃப்ராய்ட் 1917-ல் எழுதிய ஒரு கட்டுரையில், இறந்தவரோடு கட்டப்பட்டிருக்கும் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்து எடுப்பதுதான் துக்கத்தின் பணி என்றார். 'மூவ் ஆன்' ஆகிவிடு என்று நண்பர்கள் சொல்வது அதன் தேய்ந்துபோன வடிவம். இந்தக் கோட்பாட்டின்படி படம் எடுத்தால் பேயைக் கொன்றே ஆக வேண்டும்.

1990-களில் இந்த எண்ணம் மாறத் தொடங்கியது. டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மேன், ஸ்டீவன் நிக்மேன் ஆகியோர் 1996-ல் தொகுத்த நூல், இறந்தவரோடு உள்ள பந்தம் அறுபடாமல் வடிவம் மாறித் தொடர்வதும் இயல்பான துக்கம்தான் என்று வாதிட்டது. 1999-ல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இன்னொரு மாதிரியை முன்வைத்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இரண்டு திசைகளுக்கு மாறி மாறிப் போய்வருகிறார். ஒரு நேரம் இழப்பை நேராகப் பார்க்கிறார். இன்னொரு நேரம் வாடகை, வேலை, பிள்ளையின் பள்ளி என்று அதைவிட்டு விலகி நிற்கிறார். எதிலாவது ஒன்றிலேயே மாட்டிக்கொண்டால்தான் சிக்கல். போய்வர முடிவதுதான் ஆரோக்கியம்.

இப்போது அந்தக் கிண்ணக் காட்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். அமீலியா கீழே இறங்குகிறார், கொஞ்ச நேரம் அங்கே இருக்கிறார், மேலே வருகிறார், பிறந்தநாளைக் கொண்டாடுகிறார். படத்தின் தொடக்கத்தில் அந்தக் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டு, யாரும் போகாத இடமாக இருந்தது. நடுவில் பேய் வீடு முழுக்க உலாவியது. முடிவில் சாவி அமீலியாவின் கையில் இருக்கிறது. எப்போது இறங்குவது என்று அவர் தீர்மானிக்கிறார். பேய் அங்கேயேதான் இருக்கிறது, மாறியது கதவின் வேலை. 'கொல்லலையே' என்று புகார் சொல்பவர்கள் தவறவிடுவது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்தக் காட்சி அவ்வளவு விநோதமாகத் தெரிய வேண்டியதில்லை. இறந்தவருக்குச் சாப்பாடு வைப்பது நமக்குப் புதிதா என்ன? அமாவாசைக்கு முன்னோருக்குப் படைப்பது, வருடத் திதிக்கு அவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலையில் வைப்பது, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அது வருமா என்று மொட்டைமாடியில் காத்திருப்பது, கல்லறைத் திருநாளன்று நவம்பர் 2-ல் மெழுகுவத்தியோடு போவது எல்லாம் ஒரே காரியத்தைச் செய்கின்றன. இறந்தவருக்கு ஒரு நாள், ஓர் இடம், ஒரு பாத்திரம் என்று ஒதுக்கிக் கொடுக்கின்றன. அந்த நாளில் அழலாம், மற்ற நாளில் ஆபீஸ் போகலாம். அமீலியாவுக்கு அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே தேதியிலும் மகன் பிறந்துவிட்டான். படத்தின் முடிவில் அவர் கண்டுபிடிப்பது, புழு வைத்த படையல் என்று சொன்னால் மிகையில்லை.

அப்போ பாபடூக் என்றால் துக்கம், அவ்வளவுதானா?

அவ்வளவுதான் என்று நிறுத்திக்கொண்டால் படத்தின் பாதி கைநழுவிவிடும். இணையத்தில் புழங்கும் பெரும்பாலான விளக்கங்கள் அங்கேதான் நின்றுபோகின்றன.

பேய் பிடித்த அமீலியா ஆஸ்கரை நினைத்து அழுவதில்லை. மகனைப் பார்த்து வெறுப்பைக் கொட்டுகிறார், இறந்தது அவனாக இருந்திருக்கக்கூடாதா என்கிற அளவுக்குப் போகிறார். படம் தொட்டிருக்கும் உண்மையான பயம் இதுதான். தன் குழந்தையைத் தனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒரு தாய் யாரிடமும் சொல்ல முடியாது. கணவரை இழந்தேன் என்றால் ஊர் இரக்கப்படும். இந்தக் குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது என்றால் அதே ஊர் என்ன சொல்லும் என்று நமக்கே தெரியும். ஆக அந்த வீட்டில் துக்கம் தனியாக இல்லை. சொல்லக்கூடாத கோபமும், நாட்கணக்கில் தூக்கமில்லாத உடம்பும், உதவிக்கு ஆள் இல்லாத தனிமையும் அதோடு சேர்ந்திருக்கின்றன. பார்கின்சன் நோயுள்ள பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும், பள்ளி உட்பட, ஒவ்வொருவராக அவர்களிடமிருந்து விலகிக்கொள்கிறார்கள்.

இதற்குத் துப்புகள் படத்திலேயே உண்டு. தங்கை வீட்டு விருந்தில் அமீலியா தான் முன்பு எழுத்தாளராக இருந்ததையும், குழந்தைகளுக்காகவும் எழுதியதையும் போகிற போக்கில் சொல்லிவிடுவார். புகார் கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போகும்போது அவருடைய கைகளில் கரி படிந்திருக்கும். அங்கே சுவரில் மாட்டியிருக்கும் கோட்டும் தொப்பியும் பாபடூக் மாதிரியே தெரியும். வீட்டின் கீழ்த்தளத்தில் ஆஸ்கரின் கோட்டும் தொப்பியும் அதே மாதிரித்தான் மாட்டியிருக்கும். அந்தப் புத்தகத்தை எழுதியது யார் என்று படம் கடைசிவரை சொல்லாது. ஆனால் கோட்டு கணவருடையது, கரி மனைவியின் கையில் இருக்கிறது. இழப்பும் ஆத்திரமும் சேர்ந்து தைத்த உருவம் அது.

இதே உருவத்துக்கு வேறொரு வாழ்க்கையும் கிடைத்தது. 2017 ஜூனில், பிரைட் மாதத்தின்போது, பாபடூக் தன்பாலின ஈர்ப்பாளர்களின் அடையாளச் சின்னமாக இணையத்தில் பரவியது. நெட்ஃப்ளிக்ஸில் அந்தப் பிரிவின்கீழ் படம் பட்டியலாகியிருந்ததைப் போலக் காட்டிய ஒரு ஸ்க்ரீன்ஷாட்டில் தொடங்கிய கேலி அது. ஆனால் கேலி நிலைத்ததற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, குடும்பம் இல்லை என்று மறுக்கிறது, மறுக்க மறுக்க சத்தம் அதிகமாகிறது, கடைசியில் அதோடு வாழப் பழகுகிறார்கள். இந்த வடிவத்தில் துக்கமும் பொருந்தும், வேறு சிலவும் பொருந்தும். நல்ல உருவகங்கள் ஒரே அர்த்தத்தில் பூட்டப்பட்டுக் கிடப்பதில்லை.

சமூக பயத்துக்கு இதே அளவுகோல் பொருந்துமா?

துக்கம் ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. சமூக பயம் தெருவில் நடக்கிறது. அதனால் அங்கே கேள்வி கொஞ்சம் மாறும்: பேயை என்ன செய்கிறார்கள் என்பதோடு, ஊர் என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

2018-ல் வந்த இந்திப் படம் 'ஸ்திரீ', கர்நாடகத்தில் 1990-களில் பரவிய 'நாளே பா' வதந்தியிலிருந்து பிறந்தது. ராத்திரி கதவைத் தட்டும் பெண் பேய், சுவரில் 'நாளை வா' என்று எழுதியிருந்தால் திரும்பிப் போய்விடுமாம். படத்தில் ஊர் மத்தியப் பிரதேசத்தின் சந்தேரி. திருவிழாவின் நான்கு இரவுகளில் பேய் ஆண்களைத் தூக்கிக்கொண்டு போகிறது. ராத்திரி தனியா வெளியே போகாதே, சீக்கிரம் வீட்டுக்கு வந்துடு என்று பெண்களுக்குச் சொல்லப்படும் அத்தனையும் அங்கே ஆண்களுக்குச் சொல்லப்படுகிறது. நகைச்சுவை அங்கேதான் பிறக்கிறது. படத்தின் பயமும் அதே இடத்தில்தான்.

முடிவில் அந்தப் பேயைக் குத்திக் கொல்ல வேண்டிய பொறுப்பு தையல்காரர் விக்கிக்கு வருகிறது. அவரால் முடிவதில்லை. தாசி குலப் பெண் ஒருத்தி ஓர் ஆணை விரும்பி மணந்தாள் என்பதற்காக, முதலிரவன்றே இருவரையும் ஊர் ஆண்கள் கொன்றார்கள் என்பது அதற்குள் நமக்குத் தெரிந்திருக்கும். அவளுக்கு ஊர் மரியாதை பாக்கி வைத்திருக்கிறது. அடுத்த திருவிழாவில் ஊரில் அவளுக்குச் சிலை நிற்கிறது. சுவரில் 'நாளை வா' என்பதற்குப் பதிலாக, எங்களைக் காப்பாற்று என்ற வேண்டுதல் இருக்கிறது. கொலையுண்ட பெண் காவல் தெய்வம் ஆவது நம் ஊர்களிலும் பழகிய பாதைதான். இங்கே ஊர் மாறியதால் பேய் திரும்பிப் போகிறது.

2024 ஆகஸ்ட் 15 அன்று 'ஸ்திரீ 2' வெளியானது. அந்த ஆண்டு இந்தியில் மிக அதிகம் வசூலித்த படங்களில் ஒன்று. இம்முறை பேய் ஓர் ஆண். சர்கட்டா என்ற தலையில்லாத முண்டம், நவீன எண்ணம் கொண்ட பெண்களைத் தேடித் தூக்கிப்போகிறது. ஊர் ஆண்களையும் அது வசியப்படுத்த, அவர்கள் பெண்களை வீட்டுக்குள் பூட்டுகிறார்கள். படம் வெளியாவதற்கு முந்தைய இரவில்தான், கொல்கத்தாவில் பணியிலிருந்த இளம் மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டதைக் கண்டித்து, இரவு எங்களுக்கும் உரியது என்று மேற்கு வங்கத்திலும் பிற நகரங்களிலும் பெண்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். தயாரிப்பாளர்கள் இதைத் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் தியேட்டரில் அந்த வாரம் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தலையில்லாத முண்டம் யார் என்று விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

உருவகம் இவ்வளவு கூர்மையாக இருந்தும், அதன் முடிவு முதல் படத்தை விட பலவீனமானது என்பது என் கருத்து. ஏன்? சர்கட்டா அழிக்கப்பட்டதும் ஆண்களின் வசியம் கலைகிறது. எல்லோரும் பழையபடி நல்லவர்களாகிவிடுகிறார்கள். பெண்களைப் பூட்டியது அவர்கள் கைதான், ஆனால் குற்றம் பேயுடையது. முதல் படத்தில் ஊர் தன் தவற்றை ஒப்புக்கொண்டு எதையாவது மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவதில் ஊருக்கு எந்தச் செலவும் இல்லை. சமூக பயத்தைப் பேசும் ஹாரர் படம் தடுமாறும் இடம் பெரும்பாலும் இதுதான். நமக்குள் இருப்பதை வெளியே ஓர் உருவமாக நிறுத்தினால் பார்க்க வசதி, ஆனால் அடித்துக் கொன்றதும் அது நம்முடையதே இல்லை என்று சொல்லிக்கொள்ளவும் வசதி.

தமிழில் 2011-ல் வந்த 'காஞ்சனா' இந்த விஷயத்தில் ஆச்சரியமானது. சத்தம் அதிகம், காமெடி சில இடங்களில் உறுத்தும், அதையெல்லாம் மறுக்கவில்லை. ஆனால் கொல்லப்பட்ட திருநங்கையின் கதையைக் கேட்ட பிறகு, ராகவா அந்த ஆவியை விரும்பித் தன் உடம்புக்குள் வர விடுகிறான். படத்தின் தொடக்கத்தில் ராத்திரி பாத்ரூம் போகவே அம்மாவைத் துணைக்கு அழைத்தவன் அவன். விரட்ட வேண்டிய பேய் என்று தொடங்கி, நம் உடம்பை இரவல் கொடுக்க வேண்டிய ஆள் என்று முடிகிறது.

இந்த உருவகம் எங்கே உதவாது?

'பாபடூக்' வந்த பிறகு 'துக்க ஹாரர்' என்று சொல்லுமளவுக்குப் படங்கள் பெருகின. சிலவற்றில் பாத்திரங்களே, இது என் மனக்காயம், இதை எதிர்கொள்ள வேண்டும் என்று சிகிச்சையாளர் மாதிரிப் பேசுகின்றன. அந்த இடத்தில் உங்களுக்கு பயம் போய்விட்டால் ரசனையில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். அர்த்தத்தைச் சொல்லிவிட்ட பேய் பாதுகாப்பானது. சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அர்த்தத்தை மறந்துவிட்டு, பேயின் விதிகளை மட்டும் பாருங்கள். பாபடூக்குக்கு விதி உண்டு: மறுத்தால் வளரும், பார்த்தால் சுருங்கும், போகாது. துக்கம் என்ற சொல்லே இல்லாமலும் படம் அந்த விதிப்படி நடக்கிறது. விதி இல்லாமல் அர்த்தம் மட்டும் இருந்தால், கடைசிக் காட்சியில் எது வேண்டுமானாலும் நடக்கலாம், எதுவும் உறைக்காது.

2025-ல் இன்னொரு ஆஸ்திரேலியப் படம், ஃபிலிப்பு சகோதரர்களின் 'ப்ரிங் ஹெர் பேக்', அமீலியாவின் பேரத்தை ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று காட்டியது. இறந்த மகளைத் திரும்பக் கொண்டுவர, உயிரோடு இருக்கும் குழந்தைகளைச் செலவழிக்கத் துணியும் தாய் அதில் வருகிறார். அங்கே கீழ்த்தளமும் இல்லை, கிண்ணமும் இல்லை. தனியாகப் பேய் என்று ஒன்று தேவைப்படாத அளவுக்கு அந்தத் தாயே போதும்.

இன்னொரு எல்லையும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியல், நீடித்த துக்கத்தை ஒரு தனிக் கோளாறாகச் சேர்த்திருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் 2022-ல் தன் கையேட்டில் சேர்த்தது. முன்னதில் குறைந்தது 6 மாதம், பின்னதில் பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம் என்பது வரையறை. அந்தக் காலத்துக்குப் பிறகும் தீவிர ஏக்கம் நாள்தோறும் தொடர்ந்து, அன்றாட வாழ்க்கையை முடக்கி, அந்தச் சமூகத்தின் வழக்கமான துக்க முறைகளையும் தாண்டிப் போனால்தான் கோளாறாகக் கணக்கிடுவார்கள். அமீலியாவின் கணக்கில் ஏழு வருடம் ஆகப்போகிறது. படத்தில் அவர் மருத்துவரிடம் போகவே செய்கிறார், மகன் தூங்குவதற்கு மருந்து கேட்டு. மருந்து எழுதப்படுவது மகனுக்கு மட்டும்தான். படத்தை இரண்டாவது முறை பார்க்கும்போது பாபடூக் வரும் எந்தக் காட்சியையும் விட என்னை அதிகம் தொந்தரவு செய்தது அந்த மருத்துவமனை அறைதான்.